கோட் என்னுடையதல்ல என்று பேராசிரியருக்கு எப்படி எழுதுவது?

கேள்வி: கொழும்பில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் ஒப்படையில் ஹாஷ் டேபிள் பகுதியை ஒரு சீனியர் அண்ணாவின் GitHub-இலிருந்து எடுத்து, வேரியபிள் பெயர்களை மாற்றிப் போட்டுவிட்டேன். மார்க்ஸ் இன்னும் வரவில்லை. சேருக்கு எழுதி ஒத்துக்கொண்டு, திரும்பச் செய்து தருகிறேன் என்று கேட்கலாமா?

பதில்: கேட்கலாம். ஆனால் மார்க்ஸ் வருவதற்கு முன், முடிந்தால் இன்றைக்கே எழுதுங்கள். நான் இங்கே ஒரு கெம்பஸில் இன்ஸ்ட்ரக்டராக இருந்திருக்கிறேன். தானாக வந்த கடிதத்தையும், வைவாவுக்குக் கூப்பிட்ட பிறகு வந்த கடிதத்தையும் யாரும் ஒரே மாதிரி வாசிப்பதில்லை.

பெயர் மாற்றியதை நம்பி இருந்துவிடாதீர்கள். ஸ்டான்போர்டின் மொஸ் போன்ற கருவிகள் வேரியபிள் பெயர்களைக் கணக்கில் எடுப்பதே இல்லை. கோட்டின் அமைப்பைத்தான் ஒப்பிடுகின்றன. போன வருட ஒப்படைகளையும் சேர்த்துப் போட்டால் இரண்டு கோப்புகளும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். "ஓபன் சோர்ஸ்தானே" என்ற வாதமும் வேண்டாம். எடுத்துப் பயன்படுத்த லைசன்ஸ் அனுமதிக்கலாம். நீங்கள் எழுதியதாகக் காட்ட அது அனுமதி தராது.

கடிதத்தில் பலர் சறுக்குவது நீளத்தில். வீட்டுப் பிரச்சினை, காய்ச்சல், மற்றப் பாடங்களின் சுமை என்று ஒரு பக்கம் போய், எந்தக் கோப்பை எடுத்தோம் என்பது கடைசி வரியில் வரும். சேருக்கு முதலில் தெரிய வேண்டியது அந்தக் கடைசி வரிதான். மெயில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் போகும், இருந்தாலும் உள்ளடக்கம் இப்படி இருக்கட்டும்:

"மதிப்பிற்குரிய சேர், ஹாஷ் டேபிள் ஒப்படையில் நான் சமர்ப்பித்த `table.c` என்னுடையதல்ல. ஒரு சீனியர் GitHub-இல் பொதுவில் வைத்திருந்ததை எடுத்துப் பெயர்களை மாற்றினேன். லிங்க் கீழே உள்ளது. நான் எடுத்தது அவருக்குத் தெரியாது. `main.c` மட்டும் நான் எழுதியது. இது பிழை, மன்னிப்புக் கேட்கிறேன். இந்தப் பகுதிக்குப் பூச்சியம் கிடைத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். அனுமதித்தால், செயினிங்குக்குப் பதிலாக லீனியர் ப்ரோபிங்கில் புதிதாக எழுதி, வரும் வெள்ளிக்கிழமைக்குள் தந்து, வைவாவில் விளக்கவும் தயார்."

கீழே பெயரும் இன்டெக்ஸ் நம்பரும் போதும். `main.c` பற்றிய வரி உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். பாதியை ஒத்துக்கொண்டு மீதியை மறைத்த கடிதம், எழுதாமல் விட்டதைவிட மோசம்.

லீனியர் ப்ரோபிங் ஏன் என்று கேட்பீர்கள். அதே செயினிங்கைத் திரும்ப எழுதினால் அண்ணாவின் கோட்தான் தலைக்குள் ஓடும். கை அதையே எழுதும், இரண்டாவது தடவையும் அது உங்களுடையது என்று யாரும் நம்ப மாட்டார்கள். முறையை மாற்றினால் யோசித்தே ஆக வேண்டும். குறிப்பாக அழிக்கும் இடத்தில்.

7 இடமுள்ள டேபிளில் 10, 17, 24 என்ற எண்களைப் போடுகிறீர்கள் என்று வையுங்கள். மூன்றையும் 7 ஆல் வகுத்தால் மீதி 3. எனவே 10 மூன்றாம் இடத்திலும், 17 அடுத்து நான்கிலும், 24 ஐந்திலும் போய் உட்காரும். இப்போது 17 ஐ அழித்து நான்காம் இடத்தை வெறுமையாக்கிவிட்டு 24 ஐத் தேடுங்கள். தேடல் மூன்றில் தொடங்கி நான்குக்கு வரும், வெறுமையைப் பார்க்கும், "இல்லை" என்று நின்றுவிடும். 24 ஐந்தில் சும்மா இருக்கிறது! அதனால் வெறுமையாக்காமல் "அழிக்கப்பட்டது" என்று ஒரு குறி வைக்க வேண்டும்:

```c
if (t[i].state == EMPTY) return -1;
if (t[i].state == USED && t[i].key == k) return i;
i = (i + 1) % SIZE; /* DELETED என்றால் தாண்டிப் போ */
```

இதைச் சுற்றும் லூப்பை `SIZE` தடவையில் நிறுத்த மறக்காதீர்கள். டேபிளில் வெறுமையான இடமே இல்லாவிட்டால் தேடல் முடியாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். வைவாவில் சேர் கேட்கப்போவது அநேகமாக இந்த இரண்டையும்தான். git-இல் சிறிய சிறிய கமிட்டாகப் போட்டு வையுங்கள். முழுக் கோப்பும் ஒரே கமிட்டில் வந்தால் பழைய சந்தேகமே திரும்ப வரும்.

சேர் சம்மதித்தாலும் மார்க்ஸ் முழுதாகக் கிடைக்கும் என்று இல்லை. சில இடங்களில் இதைத் துறைக்கு அறிவிக்காமல் விட அவருக்கே அதிகாரம் இருக்காது. அதைக் கடிதத்தில் பேரம் பேச வேண்டாம். அப்புறம், அந்த அண்ணாவுக்கும் ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள், நாளைக்கு அவரைக் கூப்பிட்டுக் கேட்டால் திகைக்கக் கூடாது.

மூடிலில் சமர்ப்பிப்பு இன்னும் திறந்திருந்தாலும், பதில் வரும்வரை பழைய கோப்பைத் தொடாதீர்கள். மெயில் போட்ட கையோடு அதை மாற்றினால், தடயத்தை அழித்தது போலத்தான் தெரியும்.