டிக்கெட்ல ரெண்டு நேரம் எப்படி போடுறது?

"டிக்கெட் மெசேஜ்ல '5.45 முதல்'னு போட்டேன், பாதி பேர் கச்சேரியே 5.45க்குன்னு நெனச்சு வந்து கத்துனாங்க, மீதி பேர் பாதி கச்சேரில வந்தாங்க. அடுத்ததுக்கு என்ன எழுதறது?"

அந்த 'முதல்'தாங்க பிரச்சனை, எது முதல்னு அதுல இல்லையே. ரெண்டு நேரத்துக்கும் பக்கத்துலயே என்ன நடக்கும்னு போடுங்க, கச்சேரி நேரம் மொதல்ல வரட்டும், ஏன்னா போன்ல நோட்டிஃபிகேஷன்ல மொத வரி மட்டும் பாத்துட்டு வர்றவங்கதான் நெறைய:

"கச்சேரி ஆரம்பம்: சனி மாலை 6.30
அரங்கம் திறப்பு: 5.45
6.30க்கு மேல வந்தா ஒரு பாட்டு முடிஞ்சப்புறம்தான் உள்ள விடுவோம்"

மூணாவது வரிய விட்றாதீங்க ப்ளீஸ், ஆலாபனை நடுவுல கதவு தொறந்து வெளிச்சம் அடிச்சா பாடறவங்களுக்கு ரொம்ப கஷ்டம். இடைவெளிய குத்துமதிப்பா வைக்காதீங்க, 200 பேரு, ஒரே வாசல், டிக்கெட் ஸ்கேன் பண்ண ஆளுக்கு 10 செகண்ட்னா 33 நிமிஷம் ஆகுது, அதனால 45 நிமிஷம் வேணும், அரை மணி பத்தாது. கேலண்டர் லிங்க் அனுப்புனா அதுல 6.30 மட்டும் வைங்க. அப்புறம் 5.45ன்னா 5.45க்கு கதவு தொறந்தே ஆகணும், மைக் செக் அதுக்குள்ள முடிஞ்சிருக்கணும்.