துணை விமானி இரண்டாவது முறை பேசவில்லை

வணக்கம். அலுவலகத்தில் தலைமைப் பயிற்சி ஒன்றுக்கு அனுப்பினார்கள். ஒரு தலைவரின் அதிகாரம் பதவி, வெகுமதி, தண்டனை, நிபுணத்துவம், ஆளுமை ஈர்ப்பு என்று ஐந்து இடங்களிலிருந்து வருகிறதாம். முதல் மூன்றும் நாற்காலியோடு வருபவை, அவற்றைத்தான் தவறாகப் பயன்படுத்துவார்கள். கடைசி இரண்டும் மனிதரோடு வருபவை, அவற்றை வளர்த்துக்கொள்ளுங்கள் என்றார் பயிற்சியாளர். எனக்கு ஒட்டவில்லை. எங்கள் பிரிவுத் தலைவர் யாரையும் திட்டியதே கிடையாது. வேலையில் புலி. ஆனால் அவர் முன்னால் யாரும் மாற்றிப் பேச மாட்டோம். போன மாதம் அவர் எடுத்த ஒரு முடிவு தப்பு என்று எங்களில் நாலு பேருக்காவது தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. இதுவும் அதிகார துஷ்பிரயோகம்தானா? எனக்குக் கீழே இப்போது ஏழு பேர் இருக்கிறார்கள், அதனால் கேட்கிறேன்.

ச.

அன்புள்ள ச.,

அந்தப் பட்டியல் 1959-ல் ஜான் ஃபிரெஞ்ச், பெர்ட்ரம் ரேவன் என்ற இரண்டு சமூக உளவியலாளர்கள் எழுதிய கட்டுரையிலிருந்து வருவது. பட்டியல் மட்டும் பயிற்சி வகுப்பு பயிற்சி வகுப்பாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதோடு அவர்கள் சொன்ன முக்கியமான விஷயம் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. அவர்கள் ஒவ்வோர் அதிகாரத்தையும் கீழே இருப்பவரின் மனதை வைத்துத்தான் வரையறுத்தார்கள். 'இவரால் எனக்கு நல்லது செய்ய முடியும்' என்று நான் நினைத்தால் அவருக்கு வெகுமதி அதிகாரம். 'இவருக்கு என்னைவிடத் தெரியும்' என்று நினைத்தால் நிபுணத்துவ அதிகாரம். அவருக்கு உண்மையிலேயே தெரியுமா என்பது வேறு கேள்வி.

இன்னொன்றும் சொன்னார்கள், உங்கள் கேள்விக்கு அதுதான் சாவி. வெகுமதிக்கும் தண்டனைக்கும் பணிகிறவர் தன்னை யாராவது கவனிக்கும்வரைதான் பணிவார். தலைவர் அந்தப் பக்கம் திரும்பினால் இவர் இந்தப் பக்கம் திரும்பிவிடுவார். மற்ற மூன்றுக்கும் கண்காணிப்பு தேவையில்லை. தலைவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாலும் அவை வேலை செய்துகொண்டே இருக்கும். அப்படியானால் அவற்றைத் தவறாகப் பயன்படுத்தினாலும் அந்தத் தவறும் தூங்காது, இல்லையா?

தண்டனையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அதை எல்லோருக்கும் அடையாளம் தெரியும். கெட்ட செய்தி மேலே போகாது, அதுதான் அதன் விலை. வெகுமதி கொஞ்சம் நுட்பமானது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் மேலதிகாரி ஒருவர் இருந்தார், இனிமையான மனிதர், ஒரு பதவி உயர்வைக் கையில் வைத்துக்கொண்டு 'அடுத்தது உனக்குத்தான், வெளியே சொல்லிக்காதே' என்று என்னிடம் சொன்னார். பத்து மாதம் ஓடாய் உழைத்தேன். ஒரு நாள் மதியம் மூன்று பேர் பேசிக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது, அதே வாக்கியத்தை, அந்த 'வெளியே சொல்லிக்காதே' உட்பட, மூன்று பேரிடமும் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அந்த வெகுமதி எங்களுக்குத் தண்டனையாகிவிட்டது. கைக்கு வரும் என்று நம்பிய ஒன்றைக் கொடுக்காமல் விடுவது, ஏற்கெனவே இருப்பதைப் பறிப்பது போலத்தான் வலிக்கிறது. அவர் குரலை உயர்த்தவே இல்லை, ஆனாலும் மிரட்டலில் இருந்தவர்கள் மாதிரிதான் அதற்குப் பிறகு நடந்துகொண்டோம். அவர் பார்க்கிற வேலையைச் செய்தோம், பார்க்காததை விட்டுவிட்டோம்.

பதவி அதிகாரத்தில் கவனிக்க வேண்டியது எல்லை. வேலையைச் சொல்லும் உரிமையை நாம் ஒப்புக்கொண்டிருக்கிறோம், அதை வைத்துக்கொண்டு ஒருவர் உங்கள் விடுமுறைநாளையும் தன் சொந்த வேலையையும் அதே குரலில் கேட்டால் அங்கே தாண்டிவிட்டார். சரி, இதோடு விடுகிறேன்.

இப்போது உங்கள் தலைவருக்கு வருவோம். அதற்கு ஒரு விமான விபத்தைச் சொல்ல வேண்டும்.

1977 மார்ச் 27, ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரிஃப் தீவு, லாஸ் ரோடியோஸ் விமான நிலையம். பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் பல விமானங்களை இங்கே திருப்பிவிட்டிருந்தார்கள். நெதர்லாந்து நிறுவனமான கே.எல்.எம்.மின் போயிங் 747 ஒன்றும் அமெரிக்க நிறுவனமான பான் ஆமின் 747 ஒன்றும் அவற்றில் இருந்தன. மூடுபனி இறங்கி, ஓடுபாதையின் அடுத்த முனை தெரியவில்லை. கே.எல்.எம். விமானத்தின் கேப்டன் சாதாரண ஆளில்லை, அந்த நிறுவனத்தில் 747-க்கான தலைமைப் பயிற்றுநர், அதன் விளம்பரத்தில் வந்த முகம். பக்கத்து இருக்கையில் இருந்த துணை விமானிக்கு 747 ஓட்டத் தகுதி உண்டு என்று சோதித்துச் சான்று கொடுத்ததும் அவரே, அதுவும் சில மாதங்களுக்கு முன்புதான்.

விமானத்தைத் திருப்பி நிறுத்தியதும் கேப்டன் இன்ஜின் விசையைக் கூட்ட ஆரம்பிக்கிறார். துணை விமானி, நில்லுங்கள், இன்னும் அனுமதி வரவில்லையே என்கிறார். கேப்டன் விசையைக் குறைத்துவிட்டு, தெரியும், கேள் என்கிறார். துணை விமானி கேட்கிறார். கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து வந்தது, மேலே கிளம்பிய பிறகு எந்த வழியில் போக வேண்டும் என்ற அனுமதி மட்டும்தான், கிளம்புவதற்கான அனுமதி வரவில்லை. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கேப்டன் மறுபடியும் விசையைக் கூட்டி, கிளம்புகிறோம் என்றார். இந்த முறை துணை விமானி தடுக்கவில்லை. இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, அதே மனிதர், அதே பிழை. ஒருமுறை திருத்தியாகிவிட்டது, அதுவும் தனக்குச் சான்று கொடுத்த ஆசிரியரை. அடுத்த முறையும் எப்படிச் சொல்வது?

விமானம் ஓடத் தொடங்கிய பிறகு பின்னால் இருந்த பொறியாளர், பான் ஆம் இன்னும் ஓடுபாதையை விட்டுப் போகவில்லையோ என்று கேட்டார். கேப்டன், போயாகிவிட்டது, ஆமாம் என்று அழுத்திச் சொன்னார். அதற்கு மேல் பொறியாளர் பேசவில்லை. பான் ஆம் ஓடுபாதையில்தான் இருந்தது. 583 பேர் இறந்தார்கள்.

மூடுபனியும், ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசியதால் வானொலியில் விழுந்த இரைச்சலும், பணிநேர வரம்பு முடியப்போகிற அவசரமும் சேர்ந்துதான் அந்த விபத்து நடந்தது. எல்லாவற்றையும் கேப்டனின் தலையில் கட்டிவிட முடியாது. ஆனால் இதையும் பாருங்கள். பயிற்றுநராக அவர் பெரும்பாலான நேரத்தைக் கழித்தது தரையிலேயே விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டரில், அங்கே கோபுரத்தின் அனுமதியைப் பயிற்றுநரே கொடுத்துவிடுவார், காத்திருக்கும் வழக்கமே இல்லை. எல்லோரும் தலைவணங்கிய அந்த நிபுணத்துவமே இந்த ஒரு விஷயத்தில் அவரைப் பலவீனமாக்கியிருக்கலாம். நிபுணத்துவ அதிகாரத்துக்குப் பரப்பு உண்டு. ஒருவருக்கு ஒன்றில் தெரியும் என்றால் பக்கத்து விஷயத்திலும் தெரியும் என்று நாமே நீட்டிக்கொள்கிறோம். விமானத்தை எப்படித் தூக்குவது என்பதில் அவர் நிபுணர். அந்த நொடியில் ஓடுபாதையில் யார் இருக்கிறார்கள் என்பதில் அந்த அறையில் நிபுணர் என்று யாரும் கிடையாது, காதில் விழுந்ததை வைத்துத்தான் சொல்ல முடியும். அது பொறியாளர் காதில் விழுந்திருந்தது.

ஆக, உங்கள் தலைவர் செய்தது துஷ்பிரயோகமா? தெரிந்தே செய்தால்தான் துஷ்பிரயோகம் என்றால், அநேகமாக இல்லை. ஆனால் இரண்டு விஷயத்தைப் பார்த்து நீங்களே முடிவு செய்யலாம். அவருக்குத் தெரியாத பகுதியில் யாராவது கேள்வி கேட்டால், 'இதில் எனக்குப் பழக்கமில்லை' என்கிறாரா, இல்லை அதே உறுதியோடு 'ஆமாம்' என்கிறாரா? காரணம் கேட்டால் விளக்குகிறாரா, இல்லை 'எத்தனை வருஷமா இதைச் செய்றேன்' என்று அனுபவத்தை எடுத்துக் காட்டுகிறாரா? 1965-ல் ரேவன் ஆறாவதாக ஒன்றைச் சேர்த்தார், தகவல் அதிகாரம் என்று. நிபுணத்துவத்திலிருந்து அதைப் பிரித்ததற்குக் காரணம் உண்டு. ஒருவர் காரணத்தை முழுசாக விளக்கிவிட்டால் அது உங்களுடையதாகிவிடுகிறது, அப்புறம் நீங்கள் நம்புவது காரணத்தை, ஆளை நம்ப வேண்டிய தேவையே இல்லை. விளக்க விளக்க நிபுணரின் பிடி தளரும். அதனால்தான் சிலர் விளக்குவதே இல்லை, கடவுச்சொல் மாதிரி தலைக்குள்ளேயே வைத்திருப்பார்கள். நிபுணத்துவத்தைத் தெரிந்தே தவறாகப் பயன்படுத்துவது என்றால் எனக்கு முதலில் அதுதான் நினைவுக்கு வரும்.

ஈர்ப்பு அதிகாரம் இன்னும் வழுக்கலானது, தான் இன்னொருவரால் இழுக்கப்படுகிறோம் என்பதே பல நேரம் இழுக்கப்படுகிறவருக்குத் தெரியாது. இந்த வகைத் தலைவர் 'செய்' என்று சொல்ல மாட்டார், 'நீ என்ன நினைப்பாயோ தெரியலை' என்பார், நீங்கள் இரவு பதினொரு மணிவரை உட்கார்ந்து முடித்துக் கொடுத்துவிட்டு நன்றியும் சொல்லிவிட்டு வருவீர்கள். 'வேறு யாராவது இதையே கேட்டிருந்தால் செய்திருப்பேனா?' என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

உங்கள் ஏழு பேர் விஷயம். அந்த விபத்துக்கும் அதுபோன்ற மற்றவற்றுக்கும் பிறகு, 1979-ல் நாசா கூட்டிய பயிலரங்கில் தொடங்கி, விமானக் குழுக்களுக்கு ஒன்றைப் பழக்க ஆரம்பித்தார்கள். இளையவர் சந்தேகத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், பதில் வராவிட்டால் மறுபடியும் சொல்ல வேண்டும். கேப்டன் அதைக் கேட்டு வாங்க வேண்டும். அந்த 'மறுபடியும்' முக்கியம், ஏனென்றால் டெனரிஃபில் முதல் முறை சொன்னவர் இருந்தார். உங்கள் கூட்டத்தில் உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள். நீங்கள் முதலில் 'ஆறு வாரத்தில் முடியும்' என்றால் ஏழு பேரும் ஆறு வாரத்துக்குக் கணக்கைக் கொண்டுவருவார்கள். அவர்கள் முதலில் எழுதிக் கொடுத்தால் ஒருவர் பதினொன்று என்றும் எழுதியிருக்கக்கூடும், அவரிடம்தான் நீங்கள் அதிக நேரம் பேச வேண்டியிருக்கும். அப்புறம், யாராவது உங்களைத் திருத்தினால், அதே ஆள் அதே கூட்டத்தில் இரண்டாவது முறையும் திருத்துகிறாரா என்று கவனித்துக்கொண்டிருங்கள்.

உங்கள் தலைவரிடமும் இதையே வேறு மாதிரி செய்யலாம். 'தப்பு சார்' என்று ஆரம்பிக்க வேண்டாம், நாலு பேருக்குத் தெரியும் என்கிறீர்களே, அந்த நாலு பேரில் ஒருவர் எதை வைத்து இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று கேட்கட்டும், விளக்கச் சொல்லட்டும். நல்ல நிபுணராக இருந்தால் பாதி விளக்கத்திலேயே அவருக்கு ஓட்டை தெரிந்துவிடும். தெரியாவிட்டால் இரண்டாவது ஆள் கேட்க வேண்டும், அந்த இரண்டாவது ஆள் யார் என்று கூட்டத்துக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.