குறுகிய பள்ளத்தில் மொமென்டம்: கேள்வி பதில்

கேள்வி: லாஸ் ஆமை வேகத்தில் குறைகிறது. லர்னிங் ரேட்டைக் கூட்டினால் nan. மொமென்டம் எப்படி உதவும்?

f = (x² + 100y²)/2 என்ற பள்ளத்தை எடுங்கள். y பக்கம் செங்குத்தான சுவர், x பக்கம் மெல்லச் சரியும் தரை. லர்னிங் ரேட்டை lr என்போம். சரிவுக்கு எதிரே நகரும் சாதாரண முறை ஒவ்வொரு படியிலும் y-ஐ (1 − 100·lr) ஆல், x-ஐ (1 − lr) ஆல் பெருக்கும். lr 0.02-ஐத் தாண்டினால் y வளர்ந்துகொண்டே போகும். உங்கள் nan அப்படி வந்ததுதான். 0.018 வைத்தால் y சுவருக்குச் சுவர் தாவிச் சீக்கிரம் அடங்கிவிடும். x படிக்கு 1.8% மட்டுமே குறையும். x 10-லிருந்து 0.1-க்கு வர 254 படிகள் ஆகும். வேகத்துக்கு வரம்பு போடுவது சுவர், போக வேண்டிய தூரம் இருப்பதோ தரையில். மொமென்டம் பழைய சரிவுகளையும் v-க்குள் சேர்த்துவைத்து நகரும்; g இப்போதைய சரிவு, w என்பது x, y:

```
v = 0.9*v + g
w = w - lr*v
```

y-யின் சரிவு அடிக்கடி குறி மாறுவதால் v-க்குள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். x-இன் சரிவு ஒரே பக்கமாகச் சேர்ந்துகொண்டே போகும். அதே 0.018-இல் 90 படிகளுக்குள் வேலை முடியும்.

கேள்வி: 0.9 என்றால் lr-ஐ 10 மடங்காக்குவதுதானே? நேரடியாக 0.18 வைத்தால் என்ன?

தரையைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. சரிவு மாறாதவரை v, 10g-ஐ நெருங்கும். ஆனால் மொமென்டம் இல்லாத 0.18, y-ஐ ஒவ்வொரு படியிலும் −17 ஆல் பெருக்கும். தரைக்கு 10 மடங்கு கொடுத்தும் சுவரில் சிதறாமல் இருப்பதற்காகத்தான் மொமென்டம்.

கேள்வி: ஆக, சுவர் அதிர்வை அது அடக்குகிறது?

இந்த lr-இல் இல்லை. மொமென்டம் இல்லாமல் y படிக்கு 0.8 மடங்காகச் சுருங்கியது. இப்போது சராசரியாக 0.95 தான். சுவரில் கொஞ்சம் இழந்து தரையில் நிறைய பெறுகிறோம்.

கேள்வி: தவறு. நான் 0.0199-இல் ஓட்டினேன், மொமென்டம் போட்டதும் அதிர்வு சட்டென்று நின்றது.

நிற்கும். அங்கே மொமென்டம் இல்லாமல் y-இன் பெருக்கல் −0.99; 0.95 அதைவிட நல்லது. வரம்பை ஒட்டி ஓட்டினால் உங்கள் பேச்சு சரி, உள்ளே தள்ளி ஓட்டினால் என் பேச்சு. நிஜ நெட்வொர்க்கில் சுவர்கள் பல, ஒவ்வொன்றின் செங்குத்தும் வேறு. எது மேலோங்கும் என்று பொதுவாகச் சொல்ல முடியாது.

கேள்வி: x பூஜ்யத்தைத் தாண்டி −2.7 வரை போகிறது. கோடில் பிழையா?

இல்லை. 10-இல் தொடங்கினால் 15-ஆம் படியில் தாண்டும், திரும்பி வரும். இந்தப் பள்ளத்துக்கு 0.9 அதிகம், 0.67-உம் lr 0.033-உம்தான் பொருத்தம். இடையில் லாஸ் ஏறுவதைப் பார்த்து ஓட்டத்தை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: 0.99 ஆக்கினேன், எல்லாம் தாறுமாறாக ஆடுகிறது.

lr-ஐ 10 ஆல் வகுத்தீர்களா? ஒன்றை மாற்றினால் மற்றதையும் மாற்றுங்கள். g-ஐ (1 − 0.9) ஆல் பெருக்கும் வடிவத்தில் எழுதியவர்களின் lr-ஐ அப்படியே எடுத்து மேலே உள்ள வடிவத்தில் போட்டாலும் இதே கதி: 10 மடங்கு அதிகமாகிவிடும்.

கேள்வி: எனக்கும் nan வருகிறது, ஏன்?

முதல் பதிலைப் பாருங்கள். ஆனால் மொமென்டம் 0.9 என்றால் இந்தப் பள்ளத்தில் lr வரம்பு 0.02 அல்ல, 0.038.

கேள்வி: என் மாடலில் டிரெய்னிங் லாஸ் நன்றாக இறங்குகிறது, டெஸ்ட் மதிப்பெண் நகரவில்லை. மொமென்டம் எவ்வளவு வைக்கலாம்?

இறங்குகிறது என்றால் பள்ளத்தில் சிக்கல் இல்லை. டேட்டாவைப் பாருங்கள்.