சூப்பர்ஸ்கோருக்காக நகையை மறுபடியும் வைக்கலாமா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அமெரிக்காவில் இளங்கலை படிக்க வேண்டும் என்று எஸ்ஏடி தேர்வை மூன்று முறை எழுதிவிட்டாள். மார்ச்சில் ஆங்கிலம் 640, கணக்கு 720. மே மாதம் 690, 700. ஆகஸ்டில் 660, 740. டல்லாஸில் இருக்கும் என் மைத்துனர், "ஒவ்வொரு பாடத்திலும் வந்த உயர்ந்த மதிப்பெண்ணை மட்டும் கூட்டும் சூப்பர்ஸ்கோரை எடுத்தால் இப்போதே 1430, இன்னும் மூன்று தடவை எழுதினால் 1550 வந்துவிடும்" என்கிறார். அவர் மகன் ஐந்து முறை எழுதி 1540 வாங்கினானாம். கோச்சிங் சென்டரில் 1,80,000 ரூபாய்க்கு 'சூப்பர்ஸ்கோர் பேக்கேஜ்', 60 மதிப்பெண் கூடும் என்று உத்தரவாதம் தருகிறார்கள். மனைவியின் நகை மீது ஏற்கெனவே 2,40,000 கடன் இருக்கிறது, மாதம் ஒன்றரை வட்டி. தங்கம் விலை ஏறியதால் இன்னும் தருகிறேன் என்கிறார் ஃபைனான்ஸ்காரர். சம்பளம் 55,000. கலிஃபோர்னியா பல்கலைக்கழகங்கள், ஜார்ஜ்டவுன், அப்புறம் ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் பட்டியலில் உள்ளன. கடைசியாகச் சொன்னதில் 1420 இருந்தால் ஆண்டுக்கு 8,000 டாலர் உதவித்தொகை. வாங்கலாமா? (ஒரு தந்தை, கரூர்)

பதில்: பேக்கேஜை வாங்காதீர்கள். ஃபைனான்ஸ்காரரிடம் மேற்கொண்டு ஒரு ரூபாய்கூடக் கேட்காதீர்கள். ஆனால் உங்கள் மகள் இன்னொரு முறை தேர்வு எழுத வேண்டியிருக்கலாம். மூன்றையும் சேர்த்து ஒரே குழப்பமாக எழுதியிருக்கிறீர்கள், நான் தனித்தனியாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அந்த 1430. 690-ஐ மே மாதத்திலிருந்தும் 740-ஐ ஆகஸ்டிலிருந்தும் எடுத்துக் கூட்டியதில் வந்தது. ஒரே நாளில் உங்கள் மகள் வாங்கிய அதிகபட்சம் 1400. மூன்று தேர்வுகளின் சராசரியைப் பார்த்தால் ஆங்கிலம் 663, கணக்கு 720, ஆகமொத்தம் 1383. இந்த 1383-க்கும் 1430-க்கும் நடுவே இருக்கும் 47 மதிப்பெண் படித்து வந்ததா, தானாக வந்ததா என்பதுதான் கேள்வி.

எஸ்ஏடி மதிப்பெண் கல்வெட்டு அல்ல. அதே பெண், அதே படிப்போடு அடுத்த வாரம் எழுதினால் ஒவ்வொரு பிரிவிலும் ஏறக்குறைய 30 மேலேயோ கீழேயோ போகும். தேர்வை நடத்தும் காலேஜ் போர்டே மதிப்பெண் அறிக்கையில் இந்த வரம்பைக் காட்டுகிறது, எடுத்துப் பாருங்கள். இப்படி ஆடும் எண்களில் உயர்ந்ததை மட்டும் பொறுக்கினால் கூட்டுத்தொகை ஏறத்தான் செய்யும். இரண்டு பகடையை உருட்டினால் சராசரியாக ஏழு விழும். மூன்று முறை உருட்டி, ஒவ்வொரு பகடையிலும் விழுந்த பெரிய எண்ணை மட்டும் வைத்துக்கொண்டால் பத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பகடை ஒன்றும் கெட்டிக்காரப் பகடையாகிவிடவில்லை.

எஸ்ஏடிக்கு அதே கணக்கைப் போட்டால், ஒரு சொல்கூடப் புதிதாகப் படிக்காத மாணவருக்கு இரண்டாவது முயற்சி சூப்பர்ஸ்கோரில் சுமார் 34 சேர்க்கும். மூன்றாவது இன்னொரு 17. நான்காவது 11, ஐந்தாவது 8, ஆறாவது 6. மூன்று முயற்சியில் வெறும் ஆட்டத்தாலேயே 51 வரும், உங்கள் மகளுக்கு வந்தது 47. அவளைக் குறை சொல்லவில்லை, 1380 பக்கம் நிற்பது நல்ல மதிப்பெண்தான். ஆனால் 640, 690, 660 என்ற வரிசையிலும் 720, 700, 740 என்ற வரிசையிலும் ஏறுமுகம் எதுவும் தெரியவில்லை. இதுவரை கட்டிய கோச்சிங் பணம் சராசரியை நகர்த்தவில்லை என்றுதான் நான் படிக்கிறேன்.

இனி உங்கள் மைத்துனரின் 1550. அதற்கு ஆங்கிலத்தில் 760, கணக்கில் 790 என்று வேண்டும். 663-ல் ஆடும் ஒருவர் 760 தொடுவது ஆட்டத்தில் நடக்கிற காரியமில்லை, அது வேறு அளவுப் படிப்பு. அப்படிப் படித்துவிட்டால் ஒரே தேர்வு போதும், மூன்று தேவையில்லை. டல்லாஸில் இருக்கிறவருக்கு ஒரு முயற்சி என்றால் 68 டாலர், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் போய் எழுதிவிட்டு வரலாம். இங்கே வெளிநாட்டுக் கட்டணமும் சேர்ந்து சுமார் 111 டாலர், டாலர் 88 ரூபாய் என்று வைத்தால் 9,800. கோயம்புத்தூரோ சென்னையோ இரண்டு பேர் போய்த் தங்கி வர 4,000. ஒரு தடவைக்கு 14,000. மச்சான் அன்பாகத்தான் சொல்கிறார், செலவு மட்டும் உங்கள் நகையில் ஏறுகிறது.

கோச்சிங் சென்டரின் 60 மதிப்பெண் உத்தரவாதத்தை இப்போது பாருங்கள். சூப்பர்ஸ்கோரில் 60 கூடும் என்கிறார்கள். முதல் தேர்விலிருந்து எண்ணினால், நான்கு தடவை எழுதும்போது ஆட்டமே சராசரியாக 62 கொடுத்துவிடும் என்று மேலே கூட்டினால் தெரியும். அதற்கு உத்தரவாதம் தருவது, ஐப்பசியில் மழை பெய்யும் என்று பத்திரம் எழுதிக் கொடுப்பது போல. வாங்கியே தீர வேண்டும் என்றால், "ஒரே தேதியின் மொத்த மதிப்பெண்ணில் 60 கூடும், இல்லையென்றால் பணம் வாபஸ்" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். முகத்தைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும்.

பேக்கேஜ் 1,80,000, மூன்று தேர்வுக்கு 42,000, ஆக 2,22,000. நான்காவது, ஐந்தாவது, ஆறாவது மூன்றும் சேர்ந்து ஆட்டத்தில் தருவது 25 மதிப்பெண். ஒரு மதிப்பெண் கிட்டத்தட்ட 8,900 ரூபாய். அந்தப் 25-ஐ வைத்து எந்தக் கதவு திறக்கும்?

உங்கள் பட்டியலில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் உள்ளிட்ட யூசி வளாகங்களைச் சொல்கிறீர்கள் என்றால், அவை சேர்க்கைக்கும் உதவித்தொகைக்கும் எஸ்ஏடியைப் பார்ப்பதே இல்லை. 1600 வாங்கினாலும் அங்கே அது வெறும் தாள். ஜார்ஜ்டவுன் இதற்கு நேர்மாறு, எழுதிய எல்லாத் தேதிகளின் மதிப்பெண்ணையும் அனுப்பச் சொல்லும் இடம். ஆறு முறை எழுதினால் ஆறும் அவர்கள் மேஜையில் கிடக்கும். காலேஜ் போர்டு தேதி தேதியாகத்தான் அனுப்பும், மே மாத ஆங்கிலத்தை மட்டும் கிழித்து அனுப்ப முடியாது. ஒட்டுப்போடுகிற வேலை பல்கலைக்கழகத்தினுடையது, செய்வதும் செய்யாமல் விடுவதும் அவர்கள் விருப்பம். "இந்தத் தடவை கணக்கில் மட்டும் கவனம், ஆங்கிலம் எப்படியோ போகட்டும்" என்று யாராவது யோசனை சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

எம்.ஐ.டி. பெயரையும் மைத்துனர் சொல்லியிருப்பார், எல்லோரும் சொல்வார்கள். ஒவ்வொரு பிரிவிலும் உயர்ந்ததை எடுத்துக்கொள்கிறது, உண்மைதான். ஆனால் மதிப்பெண்ணுக்காக அங்கே காசு கிடையாது, குடும்பத்தின் தேவையைப் பார்த்துத்தான் உதவி.

மிச்சம் இருப்பது 1420 கேட்கும் மாநிலப் பல்கலைக்கழகம். காசு இங்கேதான் இருக்கிறது, நீங்கள் இதைக் கடைசி வரியில் போட்டிருக்கிறீர்கள். அவர்கள் உதவித்தொகைக்கும் சூப்பர்ஸ்கோரை ஏற்கிறார்களா? சேர்க்கைக்கு ஒட்டுப்போட்ட மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டு, உதவித்தொகைக்கு மட்டும் ஒரே தேதியின் மொத்தத்தைப் பார்க்கும் இடங்கள் உண்டு. முகப்புப் பக்கத்தில் சூப்பர்ஸ்கோர் என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள், உதவித்தொகைப் பக்கத்தின் அடிக்குறிப்பைப் படியுங்கள்.

ஏற்கிறார்கள் என்றால் 1430 போதும், வேலை முடிந்தது. இனி எழுதவே வேண்டாம். ஏற்கவில்லை என்றால் ஒரே நாளில் 1420 வேண்டும், அவளிடம் இருப்பது 1400. இப்போதைய படிப்போடு இன்னொரு தடவை எழுதினால் அதைத் தொடும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. குறைவுதான், ஆனால் செலவு 14,000, கிடைக்கக்கூடியது நான்கு ஆண்டுக்கு 32,000 டாலர், அதாவது 28 லட்சம். ஐந்தில் ஒரு வாய்ப்புக்கு இது நியாயமான விலை. அதனால்தான் முதலிலேயே இன்னொரு தேர்வு எழுத வேண்டியிருக்கலாம் என்றேன். எந்த மாதத் தேர்வு வரை உதவித்தொகைக்குக் கணக்கில் எடுப்பார்கள் என்றும் கேட்டுக்கொண்டு பதிவு செய்யுங்கள். படிக்க கான் அகாடமியில் பாடமும், தேர்வு எழுதும் அதே ப்ளூபுக் செயலியில் முழு மாதிரித் தேர்வுகளும் இலவசம். ஆங்கிலத்தில்தான் அவளுக்கு இடம் இருக்கிறது, நேரத்தை அங்கே போடட்டும்.

அந்த 14,000-ஐச் சம்பளத்திலிருந்து கட்டுங்கள். உங்கள் சிக்கல் எஸ்ஏடி அல்ல, தங்கம் விலை ஏறும்போதெல்லாம் அதே நகைமேல் கூடுதலாக வாங்குவது. விலை ஏறினால் உங்கள் கடன் குறையவில்லை, கடன்காரருக்கு இன்னும் கொடுக்க இடம் கிடைக்கிறது, அவ்வளவுதான். 2,40,000-க்கு மாதம் 3,600 போகிறது. பேக்கேஜையும் சேர்த்தால் 4,20,000, மாதம் 6,300, சம்பளத்தில் ஒன்பதில் ஒரு பங்குக்கு மேல், அசலில் ஒரு பைசா குறையாமல். நகையை மீட்டு ஒரு பொதுத்துறை வங்கியில் வையுங்கள். ஆண்டுக்கு ஒன்பதரை சதவீதம் என்று வைத்தாலும் மாத வட்டி 1,900. மிச்சமாகும் 1,700-ஐ மாதாமாதம் அசலில் கட்டிவிடுங்கள், கையில் வைத்தால் செலவாகிவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 8,000 டாலர் கிடைத்தாலும் மீதியை யார் கட்டுவது? அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆண்டுச் செலவு 40,000 டாலர் என்று வைத்தால், கழித்துப்போக 32,000, ஆண்டுக்கு 28 லட்சம். விசாவுக்கான ஐ-20 படிவத்தைப் பல்கலைக்கழகம் தருவதற்கு முன்பே முதல் ஆண்டுச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டச் சொல்வார்கள். மைத்துனர் அதில் எவ்வளவு தருவார் என்று அவரிடம் நேராகக் கேளுங்கள். தொகையை எழுத்தில் சொன்னால் மேற்கொண்டு பேசலாம். "பார்த்துக்கலாம் மச்சான்" என்றால், நான்காவது தேர்வுக்கும் பதிவு செய்ய வேண்டாம்.