டல்லாசில் அமாவாசை எந்தக் கிழமை?

எங்களுக்குக் கோபி பக்கம். மகன் டல்லாசில் இருக்கிறான். அவன் அப்பா தவறிய பிறகு அமாவாசைக்கு அமாவாசை விரதம் இருந்து படையல் போடுகிறான். தினசரி காலண்டரைப் பார்த்து நான் வாட்ஸ்அப்பில் நேரம் அனுப்புவேன். பத்தரை மணி நேரம் கழித்துக்கொள் என்கிறார் ஒருவர், நம்ம ஊர்த் தேதியிலேயே கும்பிடு என்கிறார் இன்னொருவர். எது சரிங்க? ராகு காலத்தையும் அப்படியே கழித்துக்கொள்ளலாமா?
– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

கழிப்பதுதான் சரி. ஆனால் அமாவாசைக்கு மட்டும். ராகு காலத்தைக் கழிக்கக் கூடாது, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

சூரியனும் சந்திரனும் வானத்தில் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதை வைத்துத்தான் திதி. அமாவாசை முடிகிற கணம் கோபிக்கும் டல்லாசுக்கும் ஒன்றேதான். அந்தக் கணத்தில் உங்கள் வீட்டுக் கடிகாரம் ஒன்று காட்டும், மகன் வீட்டுக் கடிகாரம் வேறொன்று காட்டும், அவ்வளவுதான். வேலை அதோடு முடிவதில்லை. கழித்துக் கிடைத்த நேரத்தை அந்த ஊர்ப் பகல் பொழுதோடு பொருத்திப் பார்த்த பிறகுதான் எந்தக் கிழமை என்று சொல்ல முடியும்.

2024 ஆடி அமாவாசையையே எடுத்துக்கொள்வோம். ஆகஸ்ட் 3, சனிக்கிழமை ஆடிப் பதினெட்டு. மறுநாள் ஞாயிறு அமாவாசை. பவானி கூடுதுறையில் அடுத்தடுத்து இரண்டு நாளும் விசேஷம். திருக்கணிதப்படி அமாவாசை சனி மாலை 3.50க்குத் தொடங்கி ஞாயிறு மாலை 4.43க்கு முடிந்தது. ஞாயிறு மதியம் முழுக்க அமாவாசை இருந்ததால் நமக்குக் குழப்பமே இல்லை.

இப்போது பத்தரை மணி நேரம் கழியுங்கள். டல்லாசில் அமாவாசை தொடங்கியது சனி காலை 5.20. முடிந்தது ஞாயிறு காலை 6.13. அந்த ஞாயிறு அங்கே சூரியன் உதித்ததே ஏறக்குறைய 6.40க்குத்தான். அதாவது ஞாயிறு பொழுது விடிவதற்குள் அமாவாசை போய்விட்டது. நம் தேதியைப் பார்த்து ஞாயிறு மதியம் இலை போட்டவர்கள் பிரதமையில் போட்டார்கள் என்று அர்த்தம். படையலோ தர்ப்பணமோ சனிக்கிழமை செய்திருக்க வேண்டும். ஆடிப் பதினெட்டு திதியைப் பார்த்து வருவதில்லை, மாதத் தேதியைப் பார்த்து வருவது. அதனால் அது அங்கேயும் சனிதான். கூடுதுறையில் இரண்டு நாளாக வந்தது, டல்லாசில் ஒரே நாளில் வந்துவிட்டது.

சிங்கப்பூரில் உறவினர் இருந்தால் இரண்டரை மணி நேரம் கூட்டினால் போதும். அதே அமாவாசை அங்கே ஞாயிறு இரவு 7.13 வரை இருந்தது, ஆகவே நம்மைப் போலவே ஞாயிறு. கிழக்கே போனால் பெரும்பாலும் தேதி மாறாது. மேற்கே அமெரிக்கா வரை போகும்போதுதான் ஒருநாள் முன்னே தள்ளுகிறது. அதுவும் எல்லா மாதமும் அல்ல.

காலண்டரைப் படிப்பதில்தான் பாதித் தப்பு நடக்கிறது. நம் காலண்டரில் ஒரு நாள் என்பது சூரிய உதயத்தில் தொடங்கி அடுத்த உதயம் வரை. நள்ளிரவு தாண்டினாலும் பழைய தேதித் தாளிலேயே 'பின்னிரவு' என்று போட்டிருக்கும். 2025 ஆடி அமாவாசை ஜூலை 24, வியாழன். முடிந்த நேரம் பின்னிரவு 12.41. கடிகாரக் கணக்கில் அது 25ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. டல்லாசுக்கு மாற்றினால் வியாழன் மதியம் 2.11 வரும், அன்று மதியமே கும்பிட்டிருக்கலாம். இதையே '24ஆம் தேதி 12.41' என்று நீங்கள் அனுப்பியிருந்தால், மகன் 24 பிறக்கும் நள்ளிரவு என்று எடுத்துக்கொண்டு கழிப்பார். 23ஆம் தேதி மதியம் 2.11க்கு அமாவாசை முடிந்துவிட்டது என்று வரும். முழுசாக ஒரு நாள் போச்சு. உண்மையில் அந்த நேரத்தில் அங்கே அமாவாசை தொடங்கவே இல்லை.

பழைய பஞ்சாங்கம் வீட்டில் இருந்தால் அதில் நாழிகைக் கணக்கு இருக்கும். ஒரு நாழிகை 24 நிமிடம், எண்ணுவது சூரிய உதயத்திலிருந்து. மேலே சொன்ன 2024 அமாவாசை நம் பக்கம் உதயத்திலிருந்து சுமார் இருபத்தாறரை நாழிகை. அந்த நாழிகையை டல்லாஸ் உதயத்தோடு கூட்டிவிடாதீர்கள். முதலில் நம் ஊர் உதயத்தோடு கூட்டி மணியாக்கி, அப்புறம்தான் கழிக்க வேண்டும். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் திதி நேரம் சில சமயம் மணிக்கணக்கில் வித்தியாசப்படும். அரை மணி நேரத்தில் கிழமை மாறுகிற இடத்தில் இது பெரிய விஷயம். உங்கள் குடும்பம் எதை வைத்துப் பார்க்கிறதோ அதையே கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் தொடக்கமும் இன்னொன்றில் முடிவுமாக எடுத்தால் கணக்கு கூடாது.

மகன் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. படையல் உச்சிப்பொழுதை ஒட்டித்தானே? கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பதால், ஆகஸ்டில் டல்லாஸ் உச்சி பன்னிரண்டு மணிக்கு இல்லை, ஒன்றரை மணி சுமாருக்கு. அந்த நேரத்தில் அமாவாசை இருக்கிறதா என்று பார்த்தால் போதும், கிழமை தானாகத் தெரிந்துவிடும். தர்ப்பணத்துக்கு அதற்கும் பிந்திய பிற்பகலைத்தான் பார்ப்பார்கள். இரண்டு நாளிலும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுக்கொண்டு நின்றால் அங்கே உள்ள கோயில் குருக்களிடமோ செய்து வைப்பவரிடமோ கேட்டுக்கொள்ளட்டும். அதற்கு ஒவ்வொரு மரபிலும் ஒரு வழக்கம் இருக்கிறது, நான் இங்கிருந்து தீர்ப்புச் சொல்வது முறையல்ல.

சரி, ராகு காலம். அது உள்ளூர்ச் சமாச்சாரம். உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை பகலை எட்டாகப் பிரித்து, கிழமைக்கு ஒரு பங்கு. ஆறு மணி உதயம், ஆறு மணி அஸ்தமனம் என்று வைத்துக்கொண்டதால் நம் காலண்டரில் ஒன்றரை மணி நேரமாக வந்து நிற்கிறது. சனிக்கிழமைக்கு மூன்றாம் பங்கு, நமக்கு 9 முதல் 10.30. இதில் பத்தரை மணி நேரம் கழித்தால் வெள்ளி இரவு பத்தரை வரும், ராத்திரியில் ஏது ராகு காலம்! ஆகஸ்ட் தொடக்கத்தில் டல்லாசில் பகல் பதின்மூன்றே முக்கால் மணி நேரம் போல நீளும். ஒரு பங்கு ஒன்றே முக்கால் மணிக்குச் சற்றுக் குறைவு. சனிக்கிழமை ராகு காலம் அங்கே காலை பத்து மணிக்குக் கொஞ்சம் பிந்தித் தொடங்கி, பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் முடியும். பிரதோஷமும் இப்படித்தான், அந்த ஊர் அஸ்தமனத்தை வைத்துப் பார்க்க வேண்டும்.

உள்ளூர்க் கோயில் கும்பாபிஷேகத்தை நேரலையில் பார்ப்பது என்றால் எந்தச் சிக்கலும் இல்லை. காலை 9.15க்குக் கலசத்தில் தண்ணீர் ஊற்றினால் கோடையில் அங்கே முந்தின இரவு 10.45.

இனிமேல் செய்தி அனுப்பும்போது வெறும் 'நாளை அமாவாசை' வேண்டாம். 'இந்திய நேரம், ஆகஸ்ட் 3 சனி மாலை 3.50 முதல் ஆகஸ்ட் 4 ஞாயிறு மாலை 4.43 வரை' என்று தொடக்கம், முடிவு, தேதி, கிழமை நான்கையும் எழுதுங்கள். கழிக்கிற வேலையை மகனிடமே விட்டுவிடுங்கள். பத்தரை என்பது மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரைதான். ஆடிக்கும் புரட்டாசி மகாளய அமாவாசைக்கும் அது சரி. தை அமாவாசைக்குப் பதினொன்றரை கழிக்க வேண்டும்.