ரிப்போர்ட்டில் எல்.டி.எல். குறைவு என்று நிம்மதியாக இருந்தேன்

கேள்வி: லிப்பிட் புரொஃபைல் ரிப்போர்ட்டில் டோட்டல், எச்.டி.எல்., எல்.டி.எல்., டிரைகிளிசரைடு என்று வருகிறதே, எது நல்லது எது கெட்டது, எப்படிப் பார்ப்பது?

நீங்களும் என்னைப் போல முதல் வரியை மட்டும் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எச்.டி.எல். நல்ல கொழுப்பு, ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 தாண்ட வேண்டும். எல்.டி.எல். கெட்டது. டிரைகிளிசரைடு கொலஸ்ட்ராலே இல்லை, அது ரத்தத்தில் ஓடும் வேறு வகைக் கொழுப்பு, 150க்குள் இருந்தால் சரி. டோட்டல் என்பது நல்லதும் கெட்டதும் சேர்ந்த கூட்டல்தான், அது 200க்குள் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

எனக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை உண்டு. போன கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் காலை ஏழு மணிக்கு மார்த்தாண்டத்தில் ஒரு லேபில் ரத்தம் கொடுத்தேன். முந்தின இரவு பதினொரு மணிக்குத்தான் மாட்டிறைச்சியும் மரச்சீனிக் கிழங்கும் கேக்கும் சாப்பிட்டு எழுந்தேன், லேபில் யாரும் அதைக் கேட்கவே இல்லை. டோட்டல் 190, எச்.டி.எல். 34, டிரைகிளிசரைடு 365, எல்.டி.எல். 83. "எல்.டி.எல். சூப்பரா இருக்கு அண்ணே" என்றான் கவுண்டரில் இருந்த தம்பி. நானும் நம்பி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

டாக்டர்தான் பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினார். பெரும்பாலான லேபில் எல்.டி.எல்.லை அளப்பதில்லை, கணக்கிடுகிறார்கள்: டோட்டலில் இருந்து எச்.டி.எல்.லைக் கழித்து, டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பார்கள். எனக்கு 365ல் ஐந்தில் ஒரு பங்கு 73. 190ல் 34ம் 73ம் போனால் 83. அதாவது சாப்பாட்டால் டிரைகிளிசரைடு ஏறியதால், கழிக்கிற எண் பெரிதாகி, கெட்ட கொழுப்பு குறைந்த மாதிரி காட்டிவிட்டது. டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்கே செல்லாது. (லேப்காரர்கள் சண்டைக்கு வராதீர்கள், நேரடியாக அளப்பவர்களும் உண்டு, அப்படியானால் ரிப்போர்ட்டில் டைரக்ட் என்று போட்டிருக்கும்.)

இரண்டு வாரம் வழக்கமான சாப்பாடு சாப்பிட்டு, பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்து மறுபடி கொடுத்தேன். டோட்டல் 188, எச்.டி.எல். 35, டிரைகிளிசரைடு 180, எல்.டி.எல். 117. சர்க்கரை உள்ள எனக்கு அது 100க்குக் கீழேயாவது இருக்க வேண்டுமாம், மாத்திரை எழுதிவிட்டார். இதைக் கேட்டதும் என் மச்சான் சென்னையில் இருந்து போன் போட்டு, எல்லாம் உங்க ஊர்த் தேங்காய் எண்ணெயால் வந்தது என்கிறான். இரவு பதினொரு மணிக்குத் தட்டு நிறைய மரச்சீனி வைத்ததைப் பற்றி அவனுக்கு ஒரு பேச்சில்லை. தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.லை ஏற்றும், மறுக்கவில்லை, ஆனால் டிரைகிளிசரைடை ஏற்றுவது பெரும்பாலும் மாவுச்சத்தும் இனிப்பும் குடியும் கட்டுப்படாத சர்க்கரையும்தான்.

உங்கள் ரிப்போர்ட்டில் டிரைகிளிசரைடு அதிகமாக இருந்தால், எல்.டி.எல்.லை விட்டுவிட்டு டோட்டலில் இருந்து எச்.டி.எல்.லை மட்டும் கழித்துப் பாருங்கள். எனக்கு முதல் நாள் 156, இரண்டாம் முறை 153. சாப்பாடு அதை ஏமாற்றவில்லை. எனக்கு அது 130க்குள் வர வேண்டும் என்றுதான் டாக்டர் இப்போது பார்க்கிறார்.