ரூட்டருக்கும் சிறு விசிறிக்கும் மாற்று அடாப்டர்: கேள்வி பதில்

பதிலளிப்பவர் காரைக்குடியில் மின்னணுப் பழுதுபார்ப்புக் கடை நடத்துபவர்.

கானாடுகாத்தான், விடுதி ஊழியர்: இரண்டாம் கட்டில் இருக்கும் ரூட்டரின் அடாப்டர் போய்விட்டது. முதலாளி வீட்டுப் பிள்ளையின் பழைய கீபோர்டு அடாப்டரைச் செருகினேன். ரூட்டரிலும் 9 வோல்ட், அடாப்டரிலும் 9 வோல்ட். விளக்கு வரவில்லை, அடாப்டர்தான் சுடுகிறது. ஏன் ஐயா?

முதலில் அதைக் கழற்றிவிடுங்கள். வோல்ட் ஒத்திருந்தும் பிளஸ், மைனஸ் இடம் மாறியிருக்கலாம். ரூட்டர்களில் பெரும்பாலும் பின்னின் நடுத்துளை பிளஸ், வெளிவளையம் மைனஸ். பழைய கீபோர்டுகள் பலவற்றில் இது நேர்மாறாக இருக்கும்.

இரண்டு சாதனங்களின் லேபிளிலும் நடுவில் ஒரு புள்ளியும், அதைச் சுற்றி முழுமையடையாத ஒரு வட்டமும் வரைந்திருப்பார்கள். புள்ளியிலிருந்து புறப்படும் கோடு எந்தக் குறியில் முடிகிறதோ அதுவே நடுத்துளையின் முனை. லேபிள் சொல்வதை மல்டிமீட்டரில் உறுதிசெய்துகொள்வது நல்லது. டிசி 20 வோல்ட் அளவில் வைத்து, சிவப்பு முனையை நடுத்துளைக்குள்ளும் கறுப்பு முனையை வெளிவளையத்திலும் தொடுங்கள். இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொட்டுவிடக் கூடாது. எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் நடுத்துளை மைனஸ்.

அதே ஊழியர்: மைனஸ் 13.4 காட்டுகிறது. ஒயரை வெட்டி மாற்றி ஒட்டிவிட்டால் போதுமா?

முனை சரியாகிவிடும், ஆனால் 13.4 என்ற எண்தான் எனக்கு உறுத்துகிறது. கையில் கனமாக இருக்கும் பழைய அடாப்டருக்குள் இருப்பது சாதாரண டிரான்ஸ்பார்மர். அதில் எழுதிய 9 வோல்ட், எழுதியிருக்கும் அளவு ஆம்பியரை இழுக்கும்போது மட்டுமே கிடைக்கும். சுமை குறைந்தால் வோல்ட் ஏறிவிடும். சில ரூட்டர்கள் இதைத் தாங்கும், சில தாங்கா; வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது என்பதால் நானாக இருந்தால் இணைக்க மாட்டேன். எடை குறைந்த, இப்போது கிடைக்கும் எஸ்.எம்.பி.எஸ். அடாப்டர் சுமை இல்லாதபோதும் 9 வோல்ட்டை ஒட்டியே காட்டும். அதை வாங்கும்போது ரூட்டரையும் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள், ஏனென்றால் வெளிவிட்டம் 5.5 மில்லிமீட்டராக ஒத்திருந்தாலும் உள்துளை 2.1, 2.5 என்று இருவகைப்படும். 2.5 துளையுள்ள பின் 2.1 ஊசியில் எளிதாக நுழைந்து, ஒயர் அசையும்போதெல்லாம் தொடர்பு விட்டுவிடும்.

சரியான அடாப்டர் கொடுத்தும் ரூட்டர் உயிர் பெறாவிட்டால், அடாப்டரைக் கழற்றிவிட்டு, ரூட்டர் ஜாக்கின் இரு முனைகளிலும், தொடர்பு இருந்தால் மீட்டர் ஒலிக்கும் கன்டினியூட்டி சோதனை செய்யுங்கள். மீட்டர் முனைகளை மாற்றி வைத்தாலும் விடாமல் ஒலித்தால், நுழைவாயிலில் காவலுக்கு வைத்த டையோடு ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். அது மலிவான வேலைதான்.

தேவகோட்டை, ஆசிரியர்: 1 ஆம்பியர் ரூட்டருக்கு 2 ஆம்பியர் அடாப்டர் போட்டால் இரண்டு மடங்கு மின்சாரம் பாய்ந்து கருகிவிடும் என்று மகனிடம் சொன்னேன். சரிதானே?

எச்சரிக்கை வேண்டிய இடம் வேறு, ஐயா. வோல்ட் சமமாக இருந்தால் ரூட்டர் தனக்கு வேண்டிய ஆம்பியரை மட்டுமே இழுத்துக்கொள்ளும், ஆகவே 2 ஆம்பியர் தாராளமாகப் போடலாம். அரை ஆம்பியர் அடாப்டர் போடுவதுதான் தொல்லை. விளக்கெல்லாம் எரியும், வைஃபை கிளம்பும் நொடியில் வோல்ட் சரிந்து ரூட்டர் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பலர் இதை இணையக் கோளாறு என்று நினைத்துப் புகார் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

பள்ளத்தூர் வாசகர்: எங்கள் ஆச்சியின் 12 வோல்ட் விசிறியில் முனையை மாற்றிக் கொடுத்தேன், எதிர்ப்பக்கம் சுற்றியது, அவ்வளவுதான். இதற்கு ஏன் இத்தனை பயம் அண்ணே?

உங்கள் ஆச்சியின் விசிறியில் இருப்பது கார்பன் பிரஷ் வைத்த மோட்டார், அதனால் தப்பியது. காற்று பின்பக்கம் போயிருக்கும். இப்போது வரும் பிரஷ் இல்லாத மோட்டாருக்குள் சிறு சர்க்யூட் பலகை உண்டு. அதற்கு முனை மாறினால், பாதுகாப்பு இருந்தால் சுற்றாமல் நிற்கும், இல்லாவிட்டால் பலகை போய்விடும். சோதித்துப் பார்த்து அறிய வேண்டிய விஷயம் அல்ல.

புதுவயல், மளிகைக் கடைக்காரர்: என் சார்ஜ் விசிறியில் லேபிளே இல்லை, அடாப்டரும் தொலைந்துவிட்டது. எத்தனை வோல்ட் வாங்குவது?

முனையைக் கண்டுபிடிக்கலாம். மூடியைத் திறந்து, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸில் வைத்தால், மறுமுனை ஜாக்கின் எந்தப் பகுதியைத் தொடும்போது ஒலிக்கிறது என்று பாருங்கள்; அதுவே மைனஸ். பெரும்பாலும் அது வெளிவளையமாக இருக்கும். வோல்ட்டை மட்டும் என்னால் இங்கிருந்து சொல்ல இயலாது. பேட்டரியில் 6 வோல்ட் என்று இருந்தாலும் அடாப்டர் 6 வோல்ட் ஆகாது, அதைவிடக் கூடுதலாக வேண்டும். எவ்வளவு கூடுதல் என்பது உள்ளே இருக்கும் சார்ஜிங் பலகையைப் பொறுத்தது. ஜாக்குக்குப் பக்கத்தில் பலகையில் ஏதாவது எண் அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் விசிறியைக் கடைக்குக் கொண்டுவாருங்கள்.